எஸ்.ஆர்.எஃப். தரலைன்னா ஃபெலோஷிப் கட்டாம். அந்த ‘அல்லது’வைப் படிச்சீங்களா சார்?

கரிசல்காட்டான்

போன வாரம் வேற ஒரு இழையில் ‘நெறியாளர்63’ எழுதினது இது:

“ரெண்டு வருஷம் முடிஞ்சதும் நடக்கிற மதிப்பீட்டில் கமிட்டி கைவிரிச்சா, சி.எஸ்.ஐ.ஆர். ஃபெலோஷிப் அன்னைக்கே கட். மாணவர்களுக்கு இது தெரிவதில்லை.”

தெரியாதது மாணவர்களுக்கா, சாருக்கா? முதல் ரெண்டு வருஷம் ஜே.ஆர்.எஃப்., மதிப்பீட்டுல தேறினா தொகை கூடி எஸ்.ஆர்.எஃப். விதி சொல்றது இதுதான்: கமிட்டி எஸ்.ஆர்.எஃப்.புக்குப் பரிந்துரைக்கலைன்னா மூணாம் வருஷமும் ஜே.ஆர்.எஃப். ஆகவே தொடரலாம். மூணாம் வருஷ முடிவுல மறுபடி உட்கார வைப்பாங்க. அப்பவும் இல்லைன்னாதான் கதை முடிஞ்சுது. நான் சொல்றது கேள்விப்பட்ட கதை இல்ல, என் கதை. எனக்கு 2023-ல கைவிரிச்சாங்க. இன்னும் லேப்லதான் இருக்கேன்.

நெறியாளர்63

தம்பி பாதி வாக்கியத்தைப் படித்துவிட்டு இழை தொடங்கிவிட்டார். அதே வாக்கியம் “அல்லது, கமிட்டியின் முடிவைப் பொறுத்து ஃபெலோஷிப் நிறுத்தப்படலாம்” என்று போகிறது. அந்த ‘அல்லது’வை ஏன் விழுங்கினீர்கள்? நிறுத்தும் அதிகாரம் கமிட்டிக்கு இருக்கிறது. அதைத்தான் சொன்னேன்.

கரிசல்காட்டான்

நீங்க அதைச் சொல்லலை. “அன்னைக்கே கட்”னு சொன்னீங்க. ‘நிறுத்தலாம்’ வேற, ‘கட்’ வேற. தமிழ்தானே ரெண்டும்?

மின்மினி

எனக்கும் இதேதான் நடந்துச்சு. நான் இன்ஜினியரிங், பிஎச்டி பதிவை உறுதி பண்றதுக்கு முன்னாடி வைக்கிற காம்ப்ரிஹென்சிவ் வைவா. எழுத்துத் தேர்வு நல்லா போச்சு. வைவாவுல வெளியிலருந்து வந்தவர் என் தலைப்பைப் பத்தி ஒரு கேள்வி கேக்கல. சாக்பீஸைக் கையில குடுத்து, “ரெண்டு முனை இருக்கிற ஒரு கம்பி, அதுக்கு ஸ்டிஃப்னஸ் மேட்ரிக்ஸ் போடுங்க”ன்னாரு. ஒன்றரை வருஷமா சாஃப்ட்வேர்ல லட்சக்கணக்கான எலிமென்ட் ஓட்டினவ நான். அந்த ஒரு கம்பிக்குப் போட முடியல, கை நடுங்குச்சு. AE/L எங்கேருந்து வருதுன்னு சொல்ல வரல. ஆறு மாசம் கழிச்சு இன்னொரு வாய்ப்பு குடுத்தாங்க. அந்த ஆறு மாசமும் பேப்பர் பேனாதான், கம்ப்யூட்டரையே தொடல. ரெண்டாவது தடவை தேறிட்டேன், அதுக்கப்புறம்தான் பதிவு உறுதியாச்சு. அதனால ரெண்டாவது சான்ஸ் எல்லாருக்கும் உண்டு, பயப்படாதீங்க.

பழைய ஃபைல்

அம்மா, நீங்க சொல்றது வேற மேஜை. இவங்க அடிச்சுக்கிறது வேற மேஜை.

ஒரு பல்கலைக்கழகத்தோட ஆராய்ச்சிப் பிரிவுல இருபது வருஷத்துக்கு மேல குப்பை கொட்டினவன் நான். பிஎச்டி பதிவு பல்கலைக்கழகத்தோடது. காம்ப்ரிஹென்சிவ், ஆராய்ச்சி ஆலோசனைக் குழு, பதிவு ரத்து எல்லாம் அந்தக் கணக்கு. ஃபெலோஷிப் டெல்லி பூசாவுல இருக்கிற சி.எஸ்.ஐ.ஆர். ஆபீஸ் கணக்கு. அதுக்கு மூணு பேர் கமிட்டி: நெறியாளர், துறைத் தலைவர், வெளியிலருந்து ஒரு நிபுணர். கூடுமானவரை அந்த வெளியாள்தான் தலைவரா இருக்கணும். ஒரு மேஜையில பாஸாகி இன்னொரு மேஜையில விழுந்தவங்களை நிறையப் பார்த்திருக்கேன். பதிவு போனா ஃபெலோஷிப்பும் போகும். ஃபெலோஷிப் போனா பதிவு போகணும்னு இல்ல. காசில்லாம ஓட்டணும், அவ்வளவுதான்.

முதல்ல எந்த மேஜைன்னு சொல்லிட்டுச் சண்டை போடுங்க.

கரிசல்காட்டான்

ஐயா, மேஜை எதுவா இருந்தாலும் ‘கட்’ ‘கட்’தான். அவர் சொன்னது தப்பு.

என் கதையை முழுசா சொல்றேன், படிங்க. ஃபெலோஷிப் ஆரம்பிச்சது 2021 ஆகஸ்ட். செம்பு அணைவுச் சேர்மங்கள்ல வேலை. ரெண்டு வருஷம் முடிஞ்சப்போ என் கையில ஐ.ஆர்., யு.வி. படங்கள் இருந்துச்சு, ஒரு படிகம்கூட இல்ல. ஒவ்வொரு தடவையும் பொடியாத்தான் வந்துச்சு. வந்திருந்த பேராசிரியர் முதல் ஸ்லைடுலயே, “சிங்கிள் கிரிஸ்டல் எங்க? கட்டமைப்பு இதுதான்னு எதை வச்சு வரைஞ்சிருக்கீங்க?”ன்னாரு. பதில் இல்ல. எங்க நெறியாளர் ஜன்னலைப் பார்த்துக்கிட்டு இருந்தாரு. அரை மணி நேரம் வெளியில நிறுத்தினாங்க. மூணாம் வருஷமும் ஜே.ஆர்.எஃப்., வருஷ முடிவுல மறு மதிப்பீடுன்னு எழுதினாங்க.

மாசம் 37,000 வந்துக்கிட்டேதான் இருந்துச்சு. 42,000 ஆகலை, அவ்வளவுதான். பன்னிரண்டு மாசத்துக்கு 60,000 நஷ்டம், வீட்டு வாடகைப்படி வித்தியாசம் தனி. கரைப்பானை மாத்தி, மூடியில சின்ன ஓட்டை போட்டு, குளிர்பதனப் பெட்டி ஓரத்துல மூணு வாரம் தொடாம வச்சேன், படிகம் வந்துச்சு. 2024 ஆகஸ்ட்லருந்து எஸ்.ஆர்.எஃப். இதுல எங்க சார் ‘அன்னைக்கே கட்’?

நெறியாளர்63

உங்கள் கமிட்டி இரக்கப்பட்டது. அதை விதி என்று நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். ‘அல்லது’வுக்கு இந்தப் பக்கம் விழுந்ததால் அந்தப் பக்கம் இல்லை என்று ஆகிவிடாது. நான் வெளி உறுப்பினராகப் போன இடத்தில் ஒருவருக்கு நிறுத்தச் சொல்லி எழுதியிருக்கிறேன். இரண்டு ஆண்டில் அவர் நூலகத்தைத் தவிர எங்கும் போனதில்லை.

கரிசல்காட்டான்

ஓஹோ, அந்தப் புண்ணியவான் நீங்கதானா! வே, இதைக் கேட்டுக்கிடுங்க எல்லாரும். ரெண்டு வருஷமா அந்தப் பையனுக்கு நெறியாளர்னு ஒருத்தர் இருந்திருப்பாருல்ல? அவரை யாரு மதிப்பீடு பண்ணினது? ஒரு பேராசிரியர் எட்டு பேர் வரைக்கும் வச்சுக்கிடலாம்னு விதி. எட்டு பேரையும் எடுத்துட்டு வருஷத்துக்கு ஒரு தடவை முகம் காட்டினா, பையன் நூலகத்துக்குப் போகாம வேற எங்க போவான்?

நெறியாளர்63

என்னிடம் நான்கு பேர்தான். நால்வரும் நேரத்தில் முடித்தார்கள். என்னைப் பற்றிப் பேசாமல் ‘அல்லது’வைப் பற்றிப் பேசுங்கள்.

பே ஏரியா பாண்டி

அண்ணே, இதெல்லாம் ஒரு பிரச்சினையாண்ணே? இங்க அமெரிக்காவுல குவாலிஃபையிங் பரீட்சையில ரெண்டாவது தடவையும் ஊத்திக்கிட்டா, கையில ஒரு மாஸ்டர்ஸைக் குடுத்து அனுப்பிருவாய்ங்க. அதைத் தாண்டி கேண்டிடசி வாங்கிட்டா வேற லெவல். கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்துல கேண்டிடசி வாங்கின வெளிநாட்டுப் பிஎச்டி பசங்களுக்கு மூணு வருஷம் வரைக்கும் வெளியூர்க்காரன்னு போடற கூடுதல் டியூஷன் கிடையாது. கேண்டிடசிக்கு முந்தி அந்தக் காசை நிறைய பேருக்கு லேப்தான் கட்டுது. அதனால பரீட்சையைத் தள்ளிப் போட்டா நமக்கு முந்தி கைடுக்குத்தான் வயிறு கலங்கும். அவரே விரட்டி எழுத வைப்பாரு. சிஸ்டம்னா அப்படி இருக்கணும்ணே.

கரிசல்காட்டான்

வந்துட்டாருய்யா வெள்ளைக்காரத் தொரை. விசா கதையையும் சேர்த்துச் சொல்லும். பல்கலைக்கழகமே வெளியேத்திட்டா மூட்டை கட்ட எத்தனை நாள் குடுக்காவ?

பே ஏரியா பாண்டி

அனுமதி வாங்கிட்டு நாமளா விலகினா பதினஞ்சு நாள். அவய்ங்களா தூக்கினா அதுவும் இல்ல. ஆனா அதுக்கும் நான் சொன்னதுக்கும் என்னண்ணே சம்பந்தம்? நான் சிஸ்டத்தைச் சொன்னேன்.

கரிசல்காட்டான்

இங்க எனக்குப் பன்னிரண்டு மாசம் குடுத்தாவ. உங்க சிஸ்டத்தை நீங்களே வச்சுக்கிடுங்க.

மின்மினி

பாண்டி சொல்றது நல்லாத்தானே இருக்கு. இங்க காம்ப்ரிஹென்சிவ் தள்ளிப்போனா யாருக்கு வயிறு கலங்குது? என்னுதை என் கைடு நாலு தடவை தள்ளி வச்சாரு.

பழைய ஃபைல்

யாரும் கேக்காத ஒண்ணைச் சொல்லிடறேன். நீங்க ரெண்டு பேரும் படிச்ச அதே வாக்கியத்துல ‘அல்லது’வுக்கு முன்னாடி இன்னொண்ணு இருக்கு: கமிட்டி பரிந்துரைக்கலைன்னாலும் சரி, மதிப்பீடே நடக்கலைன்னாலும் சரி. ரெண்டும் ஒரே தட்டுலதான். கைவிரிச்ச கமிட்டிகளை விட, கூடாமலே போன கமிட்டிகளைத்தான் நான் நிறையப் பார்த்தேன். துறைத் தலைவர் இடம் காலி, வெளியாளுக்குத் தேதி ஒத்துவரல, நெறியாளர் ஊர்ல இல்ல. பையன் நல்லா வேலை செஞ்சிருப்பான், கட்டுரைகூட வந்திருக்கும். காகிதம் எட்டு மாசம் கழிச்சு என் மேஜைக்கு வரும். அதுவரைக்கும் பழைய தொகைதான்.

அப்புறம் பல்கலைக்கழகப் பக்கம். 2022 யு.ஜி.சி. விதிப்படி செமஸ்டருக்கு ஒரு தடவை ஆலோசனைக் குழு முன்னாடி நிக்கணும். முன்னேற்றம் திருப்தியில்லைன்னா அந்தக் குழு காரணத்தை எழுதணும், என்ன சரி பண்ணணும்னு எழுதணும். அதைப் பையன் செய்யலைன்னாதான் பதிவை ரத்து பண்ணப் பரிந்துரைக்கலாம், அதுக்கும் காரணம் காட்டணும். என் கைக்கு வந்த குறிப்புகள்ல பாதியில ‘திருப்தியில்லை’ங்கிற ஒரே சொல்தான் இருக்கும். அதை வச்சு யாரையும் அனுப்ப முடியாதுன்னு திருப்பி அனுப்புவேன். அதே நேரம், அந்த ஒரு சொல் மூணு செமஸ்டரா ஃபைல்ல கிடக்கிறது பையனுக்கே தெரியாது. நகல் கேட்டு வாங்கினவங்க ரொம்பக் குறைச்சல்.

கரிசல்காட்டான்

பாத்தீங்களா, ஐயாவே சொல்லிட்டாரு, அனுப்ப முடியாதுன்னு.

பழைய ஃபைல்

தம்பி, அது பதிவு. நீ பேசறது ஃபெலோஷிப்.

கரிசல்காட்டான்

ரெண்டுக்கும் நியாயம் ஒண்ணுதானே ஐயா.

நெறியாளர்63

ஒன்றல்ல என்று அவர் இரண்டாவது முறையாகச் சொல்கிறார். குறிப்பில் ஏன் காரணம் எழுதுவதில்லை என்றும் சொல்லிவிடுகிறேன். எழுதினால் நாளை தகவலறியும் உரிமையில் நகல் கேட்பார்கள், பிறகு வழக்கு. மாணவர் மேல் உள்ள அக்கறையில்தான் பல பேர் ஒரு சொல்லோடு நிறுத்துகிறார்கள்.

மின்மினி

அக்கறையா? என் முதல் வைவா குறிப்புல “அடிப்படையில் பலவீனம், கணக்கைக் கையால் போட்டுக் காட்ட வேண்டும்”னு எழுதியிருந்தாங்க. படிச்சப்போ அழுதேன். ஆனா அதனாலதான் எதைப் படிக்கணும்னு தெரிஞ்சுது. ஒரே சொல்லோட விட்டிருந்தா ஆறு மாசமும் சாஃப்ட்வேரைத்தான் ஓட்டியிருப்பேன்.

கரிசல்காட்டான்

அக்கறையாம்ல! ஆலோசனைக் குழுவைக் கூட்டற கன்வீனரே நெறியாளர்தான். கூட்டறதும் நீங்க, குறிப்பு எழுதறதும் நீங்க, எழுதாம விடறதும் நீங்க. கேட்டா அக்கறை. என் கமிட்டி அன்னைக்கு ஜன்னலைப் பார்த்தவரும் இதையேதான் சொன்னாரு. “உனக்காகத்தான்பா வாயைத் திறக்கல”ன்னாரு.

சரி, ஒரே கேள்வி. ‘அன்னைக்கே கட்’னு எழுதினீங்களா இல்லையா?

நெறியாளர்63

எழுதினேன். ‘அல்லது’வுக்குப் பிறகு வருவதைச் சுருக்கமாகச் சொன்னால் அதுதான்.

கரிசல்காட்டான்

‘அல்லது’வுக்கு முன்னாடி வர்றதைச் சுருக்கமாச் சொன்னா நான்தான் சார். இன்னைக்கும் லேப்லதான் இருக்கேன்.

பே ஏரியா பாண்டி

அண்ணே, அந்தப் படிகம் வந்துச்சுன்னீங்கல்ல, எந்தக் கரைப்பானுக்கு மாத்துனீங்க? என் ரூம்மேட்டுக்கும் பொடியாவே வருதாம்.

கரிசல்காட்டான்

முதல்ல எங்க சிஸ்டம் மட்டம்னு சொன்னதைத் திரும்ப வாங்கும். அப்புறம் சொல்லுதேன்.

பே ஏரியா பாண்டி

மட்டம்னு எங்கண்ணே சொன்னேன்? மேல போய்ப் படிங்க.