ரீஃபர் வண்டிக்காரரிடம் டெம்பரேச்சர் ரெக்கார்டு கேட்டு எழுதியவர்கள் உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

கேத்தி காளான்

பட்டன் காளான், 200 கிராம் டப்பாக்கள், சென்னைக்கு. மாலை ஆறரைக்கு கேத்தியில் லோடு ஏற்றினோம். ஏற்றும்போது பெட்டிக்கு நடுவில் புரோப் குத்திப் பார்த்து 3.2 டிகிரி என்று எல்ஆர் காப்பியிலேயே எழுதி, டிரைவரிடம் கையெழுத்தும் வாங்கியாயிற்று. மறுநாள் காலை பத்து மணி வாக்கில் சென்னையில் இறக்கியபோது நடுப்பெட்டி 11 டிகிரி. டப்பா மூடியிருந்த ஃபிலிமுக்கு உள்பக்கம் முழுக்கத் தண்ணீர் கோத்திருந்தது, காளான் குடை விரிய ஆரம்பித்திருந்தது. கடைக்காரர் பாதி லோடைத் திருப்பிவிட்டார்.

அன்றைக்கே டிரான்ஸ்போர்ட்டுக்கு மெயில் போட்டேன். டெம்பரேச்சர் ரிப்போர்ட் அனுப்புங்கள் என்று இரண்டே வரி. மறுநாள் ஒரு பக்க பிடிஎஃப் வந்தது. மணிக்கு ஒரு வரி, எல்லா வரியிலும் 2.0 டிகிரி. கீழே சீல், கையெழுத்து, "குளிர்ச்சி சரியாகப் பராமரிக்கப்பட்டுள்ளது" என்று ஒரு குறிப்பு. அதைப் படித்துவிட்டு அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. பதினொரு டிகிரியில் இறங்கிய சரக்கு எப்படி ராத்திரி முழுக்க 2.0-வில் வந்திருக்கும்?

அந்தத் தாளில் இருந்த ஓட்டையை என் மனைவிதான் கண்டுபிடித்தாள். ஏழு, எட்டு, ஒன்பது, அப்புறம் நேராகப் பன்னிரண்டு. பத்து மணியும் பதினொரு மணியும் அந்தத் தாளிலேயே இல்லை. விரலை அந்த இடத்தில் வைத்துக்கொண்டு என்னைக் கூப்பிட்டாள். அந்த விரல்தான் இன்னும் என் கண்ணில் நிற்கிறது.

உங்களில் யாருக்காவது இப்படி நடந்திருந்தால், இரண்டாவது கடிதத்தில் என்ன கேட்டீர்கள்?

கோத்தகிரி பிராக்கோலி

அண்ணே, இதற்கு ஏன் இவ்வளவு பாடு? நான் எப்போதும் ஐஆர் கன்னை வைத்து ஒரு போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் போட்டுவிடுவேன். அதுதான் சாட்சி. அவன் மெஷின் ரெக்கார்டெல்லாம் அவனுக்குச் சாதகமாகத்தான் வரும், அதை நம்பிப் பிரயோஜனமில்லை. போன வருஷம் என் லோடு சூடாக இறங்கியபோது போட்டோவைக் காட்டித்தான் வாடகையில் கொஞ்சம் கழித்தேன். இன்னொன்று, முப்பது நாளுக்குள் எழுதவில்லை என்றால் சட்டப்படி கேட்கவே முடியாது, சீக்கிரம் செய்யுங்கள்.

கூடலூர் மெடிக்கல்

எனக்கும் இதே பிரச்சினைதான், ஆனால் தலைகீழ். இன்சுலின் 2 முதல் 8 டிகிரிக்குள் வரவேண்டும். எனக்கு வந்த பெட்டியில் ஜெல் பேக்கைக் கல்லாக உறைய வைத்து, வயல் அட்டைமேல் நேராக ஒட்டி வைத்திருந்தார்கள். திறந்தபோது ஒரு வரிசை வயல் உறைந்தே போயிருந்தது. உறைந்த இன்சுலின் பிறகு உருகித் தெளிவாகத் தெரிந்தாலும் பயன்படுத்தக் கூடாது. சூடு மட்டும்தான் கெடுதல் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். ரெக்கார்டு கேட்டால் பெட்டியில் லாகரே வைக்கவில்லை என்றார்கள். காளானும் உறைந்தால் கெடும்தானே, செட் பாயிண்டை 2-க்குக் கீழே வைக்கச் சொல்லாதீர்கள்.

கேத்தி காளான்

சார், நாங்கள் கேட்டதே 2 தான், அதில் சண்டை இல்லை. அந்த 2.0 எங்கிருந்து வந்தது என்பதுதான் கேள்வி.

சென்னை கியூசி

நான் சரக்கு வாங்கும் பக்கம் இருக்கிறேன். குளிர்சாதன லோடு இறக்குவதுதான் என் தினசரி வேலை, அதனால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன்.

உங்களுக்கு வந்தது செட் பாயிண்ட் பட்டியல். மெஷினை இத்தனை டிகிரியில் வைத்தோம் என்பதை மட்டும்தான் அது சொல்லும். பெட்டிக்குள் உண்மையில் எத்தனை இருந்தது என்பதற்கு வேறு இரண்டு எண்கள் உண்டு. மெஷின் ஊதி அனுப்பும் காற்று சப்ளை ஏர். சரக்கைச் சுற்றிவிட்டுத் திரும்பி வரும் காற்று ரிட்டர்ன் ஏர். உங்கள் கேஸில் ரிட்டர்ன் ஏர்தான் உயிர்.

நான் எங்கள் லோடுக்கு அனுப்பும் கடிதத்தை உங்கள் விவரத்துக்கு மாற்றித் தருகிறேன்:

"எல்ஆர் எண் ____, வண்டி எண் ____. ஏற்றியது மாலை 6.30, இறக்கியது மறுநாள் காலை 10. இந்த நேரம் முழுவதற்கும் ரீஃபர் யூனிட்டின் லாகரிலிருந்து நேரடியாக இறக்கிய மூலக் கோப்பு வேண்டும், தட்டச்சு செய்த பட்டியல் வேண்டாம். சப்ளை ஏர், ரிட்டர்ன் ஏர், செட் பாயிண்ட் மூன்றும் தனித்தனியாக இருக்க வேண்டும். யூனிட் ஆன், ஆஃப் ஆன நேரம், கதவு திறந்த நேரம், டீஃப்ராஸ்ட், அலாரம் பதிவுகளும், அதே நேரத்துக்கான ஜிபிஎஸ் பதிவும், சென்சாரின் கடைசி காலிபரேஷன் சான்றும் வேண்டும். லாகரில் உள்ள பதிவை அழிக்காமல் பாதுகாத்து வையுங்கள். நீங்கள் அனுப்பிய பட்டியலில் இரவு 10, 11 மணிக்கான வரிகள் இல்லை, காரணம் எழுதுங்கள்."

கடைசி வரியை மறக்காமல் போடுங்கள். குறிப்பான கேள்விக்குப் பொதுவான பதில் சொல்லித் தப்பிக்க முடியாது.

கோப்பு வந்ததும் முதலில் கோட்டின் வடிவத்தைப் பாருங்கள். நன்றாக ஓடும் மெஷினின் பதிவு நேர்க்கோடாக இருக்காது. சில மணி நேரத்துக்கு ஒருமுறை டீஃப்ராஸ்ட் ஆகும்போது ஒரு சின்ன மேடு எழும்பி இறங்கும். ராத்திரி முழுக்க ஒரே எண் என்றால் அது அளந்த எண் அல்ல.

அடுத்தது லோடு ஏற்றிய பிறகு வரும் முதல் இரண்டு மணி நேரம். சரக்கு சூடாக ஏற்றப்பட்டிருந்தால் ரிட்டர்ன் ஏர் ஆரம்பத்திலிருந்தே உயர்ந்து நிற்கும். முதலில் தாழ்ந்திருந்து நடுவில் எகிறினால் வழியில்தான் நடந்திருக்கிறது. "நீங்களே சூடாக ஏற்றினீர்கள்" என்பதுதான் எல்லா டிரான்ஸ்போர்ட்டும் சொல்லும் முதல் பதில். ரீஃபர் இருக்கும் குளிரைக் காப்பாற்றத்தான், சூடான சரக்கைக் குளிரவைக்க இல்லை, அதனால் அந்த வாதத்தில் நியாயமும் உண்டு. உங்களிடம் 3.2-க்குக் கையெழுத்து இருப்பது பெரிய பலம்.

கோத்தகிரிக்காரருக்கு: ஐஆர் கன் மேற்பரப்பை மட்டும்தான் படிக்கும். ஃபிலிமும் ஈரமும் இருந்தால் இன்னும் ஏமாற்றும். கதவு திறந்து ஐந்து நிமிஷம் கழித்து எடுத்த போட்டோவை அவர்கள் ஒரே வரியில் தள்ளிவிடுவார்கள். இரண்டு டப்பாவுக்கு நடுவே புரோபைச் செருகி, எண் நிலைத்த பிறகு எடுங்கள். முப்பது நாள் கணக்கும் சரியில்லை. 2007-ஆம் ஆண்டு சாலைவழி சரக்குப் போக்குவரத்துச் சட்டப்படி, சரக்கை புக் செய்த தேதியிலிருந்து 180 நாளுக்குள் எழுத்துப்பூர்வமாக நோட்டீஸ் கொடுத்தால்தான் பிறகு வழக்குப் போட முடியும்.

கோத்தகிரி பிராக்கோலி

சார், 180 நாள் இருக்கிறது என்று உட்கார்ந்திருந்தால் லாகரில் பழைய பதிவு மேல் புதுப் பதிவு ஏறிவிடும். நான் சீக்கிரம் கேட்கச் சொன்னதில் என்ன தப்பு?

சென்னை கியூசி

அதில் தப்பே இல்லை. பதிவை அன்றைக்கே கேளுங்கள், நோட்டீஸுக்கு மட்டும்தான் 180 நாள். இரண்டும் வேறு வேறு.

பழைய ரீஃபர் டிரைவர்

நான் இந்த ரூட்டில் பல வருஷம் ஓட்டியவன். எல்லோரும் டிரைவரைத்தான் திட்டுவீர்கள், அதனால் சொல்கிறேன். சின்ன வண்டிகள் பலவற்றில் கம்ப்ரஸருக்குத் தனி இன்ஜின் கிடையாது, வண்டியின் இன்ஜினிலிருந்தே பெல்ட்டில் ஓடும். இன்ஜினை நிறுத்தினால் குளிரும் நின்றது. குன்னூரிலிருந்து பர்லியாறு வழியாக இறங்கும்போது கியரில்தானே வருகிறோம், கம்ப்ரஸர் சுற்றிக்கொண்டே இருக்கும், வெளியிலும் குளிர். ஒன்றும் ஆகாது. மேட்டுப்பாளையத்தில் வண்டியை நிறுத்துவதுதான் ஆபத்து. நின்ற இடத்தில் இன்ஜினை ஓடவிட்டால் டீசல் யார் கணக்கு என்று முதலாளி கேட்பார். இன்னொரு லோடு ஏற்றச் சொல்லி ஆபீஸிலிருந்து போன் வந்தால் கதவையும் திறக்க வேண்டும். கடிதத்தில் டிரைவர் பெயரைப் போட்டுக் கேட்காதீர்கள் தம்பி. ஆபீஸ் என்ன உத்தரவு கொடுத்தது என்று கேளுங்கள்.

கொடை சீஸ்

பெருமாள்மலையிலிருந்து மதுரைக்கு சீஸ் அனுப்புகிறேன். டிரைவர் அண்ணன் சொல்வது சரி. ஆனால் நான் அவர்கள் ரெக்கார்டையே எதிர்பார்ப்பதில்லை. விரல் அளவு யுஎஸ்பி லாகரை என் பெட்டிக்குள்ளேயே வைத்துவிடுவேன். ஒருமுறை அதில் வத்தலக்குண்டு தாண்டி 14 டிகிரி காட்டியது. "உங்கள் கருவி சரியில்லை" என்று பதில் எழுதினார்கள். அவர்கள் ஆளை வரவைத்து, ஒரு டம்ளர் நிறைய நொறுக்கிய ஐஸைப் போட்டுக் கொஞ்சம் தண்ணீர் ஊற்றி, ஜிப் கவரில் கட்டிய லாகரை அதற்குள் வைத்துக் காட்டினேன். கொஞ்ச நேரத்தில் 0.2-க்கு வந்து நின்றது. அவர் எதுவும் பேசவில்லை, டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தார். அதற்கப்புறம் அந்தப் பேச்சு வரவில்லை. பணம் மட்டும் இன்னும் முழுசாக வரவில்லை.

லாகரைக் கதவுப் பக்கப் பெட்டியில் ஒன்று, நடுவில் ஒன்று என்று வையுங்கள் அக்கா, அண்ணன்மாரே. மெஷின் வாய்க்கு நேரே வைத்தால் எப்போதும் நல்ல எண்தான் வரும்.

கேத்தி காளான்

எல்லோருக்கும் நன்றி. சென்னை சார் எழுதிய கடிதத்தை அப்படியே அனுப்பினேன். கோப்பு வந்துவிட்டது, பதினைந்து நிமிஷத்துக்கு ஒரு வரி.

கிளம்பியதிலிருந்து ஒன்பதரை வரை ரிட்டர்ன் ஏர் 3.8 முதல் 4.5-க்குள் இருக்கிறது. 9.40-க்கு யூனிட் ஆஃப். அதற்கப்புறம் 11.50 வரை வரிகளே இல்லை. ஜிபிஎஸ்ஸில் வண்டி அவ்வளவு நேரமும் மேட்டுப்பாளையத்தில் ஒரே இடத்தில் நிற்கிறது. திரும்ப ஆன் ஆனபோது முதல் ரிட்டர்ன் ஏர் 15.4. சப்ளை ஏர் ஒரு மணிக்குள் 2-க்கு வந்துவிட்டது, ரிட்டர்ன் விடியற்காலை நான்கு மணிக்குக்கூட 9. இறக்கும் வரை எட்டுக்குக் கீழே வரவே இல்லை.

அவர்கள் பதிலில், காளான் மூச்சுவிடும் பொருள், அதன் சொந்தச் சூட்டில் ஏறிவிட்டது என்கிறார்கள்.

சென்னை கியூசி

காளான் சூடு விடும் என்பது உண்மைதான், பல காய்களைவிட அதிகமாகவே விடும். ஆனால் அதே காளான் ஒன்பதரை வரை அதே சூட்டை விட்டுக்கொண்டுதானே இருந்தது, அப்போது ரிட்டர்ன் 4.5-ஐத் தாண்டவில்லையே. மெஷின் நின்ற பிறகு அந்தச் சூடு வெளியே போக வழியில்லாமல் போனது. பதிலில் இதைத்தான் எழுதுங்கள். கதவு திறந்த பதிவு கொடுத்தார்களா?

கேத்தி காளான்

இல்லை சார். அந்த வண்டியில் கதவு சென்சாரே கிடையாது என்று எழுதியிருக்கிறார்கள். வேறு லோடு ஏற்றினார்களா என்றும் கேட்டிருந்தேன், அதற்குப் பதில் இல்லை.

பழைய ரீஃபர் டிரைவர்

சென்சார் இல்லாத வண்டி நிறைய உண்டு, அது பொய்யாக இருக்காது. மேட்டுப்பாளையத்தில் ஏற்றியிருந்தால் அந்த லோடுக்கும் ஒரு எல்ஆர், ஒரு இ-வே பில் இருக்கும். அதில் நேரம் போட்டிருக்கும், அதைக் கேளுங்கள்.

கோத்தகிரி பிராக்கோலி

அண்ணே, பணம் எவ்வளவு கேட்கப் போகிறீர்கள்? வாடகையில் பத்து மடங்குக்கு மேல் தரமாட்டோம் என்று ஒரு டிரான்ஸ்போர்ட்டில் சொன்னார்களே, அதுவும் பொய்யா?

சென்னை கியூசி

அது பொய் இல்லை. அதிக மதிப்பு என்று சொல்லி, அதற்கான கூடுதல் கட்டணம் கட்டி புக் செய்யாவிட்டால், அதே சட்டத்தின் 2011 விதிகளின்படி வாடகையைப் போல் பத்து மடங்குதான் உச்சம், அதுவும் நீங்கள் எழுதிக் கொடுத்த சரக்கு மதிப்பைத் தாண்டாது. கேத்திக்காரர் எவ்வளவு மதிப்பு எழுதினார் என்பதைப் பொறுத்தது.

கேத்தி காளான்

இன்வாய்ஸ் மதிப்பு முழுவதும் எழுதியிருக்கிறேன், அது பத்து மடங்குக்குள்தான் வருகிறது. மேட்டுப்பாளையம் லோடின் எல்ஆர் நேரத்தைக் கேட்டு மூன்றாவது கடிதம் இன்று மெயிலிலும் ஸ்பீட் போஸ்டிலும் போகிறது. 3.2 கையெழுத்துள்ள எல்ஆர் நகலும் கோப்பின் அந்தப் பக்கமும் அதோடு வைத்திருக்கிறேன்.