அத்தியாயத்தை எங்கே மாற்றி வைத்தாலும் கதை கெடவில்லை, என்ன செய்ய?

ஊர் ஊராக வேலை மாறும் ஒரு பையனைப் பற்றி நாவல் எழுதிக்கொண்டிருக்கிறேன். எந்த அத்தியாயத்தைத் தூக்கி எங்கே போட்டாலும் ஒன்றும் குறையவில்லை. அதுதான் சிக்கல்.

இதற்காகவே, 1554இல் ஸ்பெயினில் ஆசிரியர் பெயரில்லாமல் வந்த 'லாசரில்லோ தே தோர்மெஸ்' படித்தேன். அதிலும் பையன் எஜமானர்களை மாற்றிக்கொண்டே போகிறான். ஆனால் முதல் மூவரின் வரிசையைக் கலைக்க முடியாது. பார்வையற்ற கிழவர் அரைவயிறு போடுகிறார். பாதிரியார் ரொட்டியைப் பெட்டியில் வைத்துப் பூட்டுகிறார். மூன்றாமவரான கனவானிடம் கௌரவம்தான் உண்டு, சோறு இல்லை. பையன் பிச்சையெடுத்து வந்த மாட்டுக்காலை அவரும் சேர்ந்து தின்கிறார்.

இதைவிட முக்கியமானது, நாவல் முழுக்க ஒரு கடிதம். வளர்ந்துவிட்ட அந்தப் பையன் லாசரோவின் மனைவிக்கும் ஒரு தலைமைப் பாதிரியாருக்கும் தொடர்பு என்று ஊர் பேசுகிறது. அந்த விவகாரம் பற்றிக் கேட்ட ஒரு பெரிய மனிதருக்கு அவன் எழுதும் பதில் இது. கடைசியில் அது தெரிந்ததும் தொடக்கமே வேறு மாதிரி படுகிறது: விதவைத் தாயிடம் வந்துபோனவனைக் கண்டு முதலில் பயந்த சிறுவன், அவன் வந்தால் ரொட்டியும் இறைச்சியும் வருவதைக் கவனித்துப் பிரியமாகிறான். இப்போது அந்தத் தலைமைப் பாதிரியாரும் வீட்டுக்குக் கோதுமையும் இறைச்சியும் தருகிறார்!

என் பையனுக்குக் கதை சொல்ல இப்படி ஒரு நெருக்கடி இல்லை. கடிதம், வாக்குமூலம் இல்லாமல், படர்க்கையில் சொல்லியும் இப்படிக் கோத்துக் காட்டிய நாவல்கள் தெரிந்தால் சொல்லுங்களேன். 'பயணமே இணைப்பு' என்ற பதில் மட்டும் வேண்டாம், அதை நம்பித்தான் இருநூறு பக்கம் எழுதிவிட்டேன்.