குழந்தைக் கண்காணிப்புக் கேமரா இணைய மறுக்கிறது; செயலி இருப்பிட அனுமதியையே திரும்பத் திரும்பக் கேட்கிறது

செல்லூர் தையற்கடை

அனைவருக்கும் வணக்கம். எங்கள் ஏழு மாதக் குழந்தை மாடியறையில் தொட்டிலில் தூங்கும்போது, கீழே கடையில் தைத்துக்கொண்டே பார்ப்பதற்காக ஒரு கண்காணிப்புக் கேமரா வாங்கினோம். நேற்று இரவு முழுவதும் முயன்றும் அது இணையவில்லை. செயலி முதலில் இருப்பிட அனுமதி கேட்கிறது, கொடுத்துவிட்டேன். பிறகு கைபேசியின் வைஃபையைக் கேட்கிறது, கடவுச்சொல்லும் கொடுத்தேன். அதற்கு மேல் நகரவில்லை. நாளை மறுநாள் என் அம்மா ஊருக்குப் போய்விடுவார்கள் என்பதால், அதற்குள் இதை முடிக்க வேண்டும். தெரிந்தவர்கள் உதவுங்கள்.

திருமங்கலம் முத்து

சகோதரி, உங்கள் அவசரம் புரிகிறது. ஆனால் நீங்கள் எழுதியதை வைத்து எங்கே தடைபடுகிறது என்று சொல்ல இயலவில்லை. கைபேசி ஆண்ட்ராய்டா, ஐபோனா? எந்தப் பதிப்பு? கேமராவின் விளக்கு வேகமாகச் சிமிட்டுகிறதா, மெதுவாகச் சிமிட்டுகிறதா? கடவுச்சொல் கேட்கும் பக்கத்தில் வைஃபை பெயருக்கு உரிய கட்டத்தில் என்ன எழுதியிருக்கிறது? இந்தக் கடைசிக் கேள்விக்கு மட்டுமாவது பதில் எழுதுங்கள்.

ஓய்வு பெற்ற பொறியாளர்

இதே கேள்விக்கு இங்கே எத்தனையோ முறை விடை எழுதியிருக்கிறேன். கேட்பதற்கு முன் பழைய பதிவுகளைப் படிக்கும் பழக்கம் யாருக்கும் இல்லை என்பது வருத்தம் தருகிறது. இத்தகைய கேமராக்களில் பெரும்பாலானவை 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் மட்டுமே இயங்கும். உங்கள் கைபேசி 5 கிகாஹெர்ட்ஸில் இருக்கும். ரவுட்டரில் 5-ஐ அணைத்துவிடுங்கள், முடிந்தது. இருப்பிட அனுமதிக்கும் இதற்கும் எந்தத் தொடர்பும் இல்லை.

ஒத்தக்கடை ராஜா

அனுமதியே கொடுத்திருக்கக் கூடாது, அக்கா. சுவரில் மாட்டும் கேமராவுக்கு நம் வீடு எங்கே இருக்கிறது என்பது எதற்கு? குழந்தை தூங்கும் அறையின் படத்தையும் வீட்டின் இருப்பிடத்தையும் ஒரே நிறுவனத்தின் கையில் கொடுப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. அனுமதியை உடனே திரும்பப் பெறுங்கள். கைபேசித் திரையில் தோன்றும் சதுரக் குறியீட்டைக் கேமராவிடம் காட்டி இணைக்கும் வழி பலவற்றில் உண்டு. என் வீட்டில் வைஃபை பெயரை நானே தட்டச்சு செய்து அப்படித்தான் இணைத்தேன், இருப்பிடம் தேவைப்படவே இல்லை.

உசிலம்பட்டி ரேவதி

நான் வீடுகளுக்கு இணைய இணைப்பு அமைத்துத் தரும் வேலையில் இருக்கிறேன். மேலே சொன்ன இருவரின் பேச்சிலும் பாதி சரி இருக்கிறது. அதனால் குழப்பம் கூடிவிடக் கூடாது என்று எழுதுகிறேன்.

இருப்பிடம் தேவைப்படுவது கேமராவுக்கு அல்ல, கைபேசிக்கு. செயலி இரண்டு காரியங்களைச் செய்ய விரும்புகிறது. அக்கம்பக்கத்தில் எந்தெந்த வைஃபை இருக்கின்றன என்று பட்டியல் எடுத்து அதில் கேமராவின் தற்காலிக ஹாட்ஸ்பாட்டைக் கண்டுபிடிப்பது ஒன்று. கைபேசி இப்போது எந்த வைஃபையில் இருக்கிறது என்று பெயரை அறிந்து அந்தப் பெயரைக் கேமராவிடம் சொல்லிக் கொடுப்பது இன்னொன்று. அக்கம்பக்கத்து ரவுட்டர்களின் பட்டியல் ஒருவர் கையில் கிடைத்தால், ஜிபிஎஸ் இல்லாமலேயே அவர் எந்தத் தெருவில் இருக்கிறார் என்று கண்டுபிடித்துவிடலாம். அதனால் 2015-இல் வந்த ஆண்ட்ராய்டு 6 தொடங்கி, இந்தப் பட்டியலைப் பார்ப்பதையே இருப்பிடம் அறிவதாகக் கருதி அனுமதி கேட்க வைத்தார்கள். இணைந்திருக்கும் வைஃபையின் பெயருக்கும் பிந்திய பதிப்புகளில் அதே கட்டுப்பாடு வந்தது. ஐபோனில் அந்தப் பெயரை அறிய 2019-இல் ஐஓஎஸ் 13 முதல் இருப்பிட அனுமதி வேண்டும்.

ஆகவே செல்லூர் அக்கா, முத்து அண்ணன் கேட்ட அந்தக் கட்டத்தில் என்ன இருக்கிறது என்பதுதான் முக்கியம். பெயர் சரியாக வந்து, கடவுச்சொல்லுக்குப் பிறகு நின்றால் கோளாறு அலைவரிசையிலோ கடவுச்சொல்லிலோ இருக்கும். பெயரே வரவில்லை என்றால் அனுமதியில் இருக்கும். அனுமதி கேட்ட பெட்டியில் துல்லியமான இருப்பிடமா, தோராயமான இருப்பிடமா, எதைத் தேர்ந்தெடுத்தீர்கள் என்பதையும் சொல்லுங்கள்.

செல்லூர் தையற்கடை

ஆண்ட்ராய்டு 13. விளக்கு மெதுவாகச் சிமிட்டுகிறது. கட்டத்தில் `<unknown ssid>` என்று ஆங்கிலத்தில் இருக்கிறது, அதுதான் எங்கள் வைஃபையின் பெயர் என்று நினைத்துவிட்டேன். தோராயமானதைத்தான் தேர்ந்தெடுத்தேன், அது போதும் என்று தோன்றியது.

உசிலம்பட்டி ரேவதி

நோய் இதுதான், அக்கா. அந்த எழுத்துகள் உங்கள் வைஃபையின் பெயர் அல்ல. பெயரைச் சொல்ல மாட்டேன் என்று மறுக்கும்போது ஆண்ட்ராய்டு அந்தச் சொல்லைத்தான் செயலியிடம் நீட்டும். செயலி அதையே உண்மையான பெயர் என்று எடுத்துக்கொண்டு கேமராவிடம் கொடுத்திருக்கும். அப்படி ஒரு வைஃபை உலகில் இல்லாததால் கேமரா தேடித் தேடி ஓய்ந்திருக்கும். கடவுச்சொல்லை நூறு முறை சரியாக எழுதினாலும் பயன் இருந்திருக்காது.

ஆண்ட்ராய்டு 12 முதல் துல்லியமா, தோராயமா என்று தேர்ந்தெடுக்கும் வசதி வந்தது. தோராயமானதைக் கொடுத்தால் வைஃபை பெயரும் கிடைக்காது, பட்டியலும் கிடைக்காது. பதிப்பு 13-இல் அருகிலுள்ள வைஃபை சாதனங்களுக்கென்று தனி அனுமதி வந்தாலும், பட்டியல் எடுக்கும் வேலைக்கு இன்றும் துல்லியமான இருப்பிடமே வேண்டியிருக்கிறது.

கைபேசி அமைப்புகளில் அந்தச் செயலியைத் திறந்து, அனுமதிகளில் இருப்பிடத்தைத் தொட்டு, பயன்படுத்தும்போது மட்டும் என்பதைத் தேர்ந்தெடுத்து, கீழே துல்லியமான இருப்பிடத்துக்கான பொத்தானை இயக்குங்கள். எப்போதும் என்பது தேவையில்லை. பிறகு திரையை மேலிருந்து கீழே இழுத்து, கைபேசியின் இருப்பிடப் பொத்தானும் எரிகிறதா என்று பாருங்கள். செயலிக்கு அனுமதி இருந்தும் அந்தப் பொத்தான் அணைந்திருந்தால் இதே நிலைதான் வரும், இதைத்தான் பலர் கவனிப்பதில்லை. முடிந்ததும் செயலியை முற்றிலும் மூடித் திறந்து, கட்டத்தில் என்ன பெயர் வருகிறது என்று எழுதுங்கள்.

வில்லாபுரம் கணேசன்

எனக்கும் இதே பிரச்சினைதான், ஆனால் என்னுடையது வாசல் மணிக் கேமரா. ரேவதி அம்மா சொன்னபடி ஐபோனில் துல்லியமான இருப்பிடம் கொடுத்துவிட்டேன், வைஃபை பெயரும் வந்துவிட்டது. மணியின் ஹாட்ஸ்பாட்டில் கைபேசி இணைந்த பிறகு, சாதனத்தைக் காணவில்லை என்று செயலி சொல்கிறது. அந்த மணியில் ஜிபிஎஸ் பழுதாக இருக்குமோ?

உசிலம்பட்டி ரேவதி

ஐயா, இந்த வேலையில் மணிக்கு ஜிபிஎஸ் எதுவும் தேவையில்லை. உங்களுடையது வேறு அனுமதி. 2020-இல் வந்த ஐஓஎஸ் 14 முதல், வீட்டு வலையில் இருக்கும் பிற சாதனங்களுடன் செயலி பேசுவதற்குத் தனியாக உள்வலை அனுமதி வேண்டும். அந்தக் கேள்வி ஒருமுறைதான் திரையில் வரும். அப்போது மறுத்திருந்தால் செயலி மறுபடி கேட்காது. அமைப்புகளில் தனியுரிமைப் பகுதிக்குள் Local Network என்ற பட்டியல் இருக்கும், அதில் உங்கள் செயலியின் பொத்தானை இயக்கிப் பாருங்கள்.

ஒத்தக்கடை ராஜா

அக்கா, உங்கள் விளக்கத்தை மதிக்கிறேன். ஆனால் வைஃபை பெயருக்காகக் கொடுத்த துல்லியமான அனுமதியை வைத்துக்கொண்டு, செயலி உண்மையான இருப்பிடத்தையும் எடுக்க முடியுமா, முடியாதா? அதை மட்டும் நேராகச் சொல்லுங்கள்.

ஓய்வு பெற்ற பொறியாளர்

தம்பி, கூகுளுக்கு உங்கள் இருப்பிடம் ஏற்கெனவே தெரியும். நாள் முழுவதும் வரைபடச் செயலியைப் பயன்படுத்திவிட்டு இங்கே வந்து அஞ்சுவதில் பொருளில்லை. அடிப்படை தெரியாமல் அச்சத்தைப் பரப்ப வேண்டாம்.

ஒத்தக்கடை ராஜா

ஐயா, வரைபடச் செயலியிடம் வழி கேட்பதற்காக நானே இருப்பிடத்தைக் கொடுக்கிறேன். இங்கே கேட்பவர் வேறு, காரணம் வேறு. ஒருவருக்குத் தெரிந்துவிட்டது என்பதற்காக எல்லாருக்கும் சொல்லிவிட வேண்டும் என்பது எப்படி நியாயமாகும்?

உசிலம்பட்டி ரேவதி

ராஜா கேட்பது நியாயமான கேள்வி. முடியும் என்பதே நேரான விடை. அனுமதி இரண்டுக்கும் ஒன்றுதான். வைஃபை பெயரை மட்டும் எடுத்துக்கொள், ஜிபிஎஸ்ஸைத் தொடாதே என்று பிரித்துக் கொடுக்க வழியில்லை. அதனால்தான் நான் அமைத்துத் தரும் வீடுகளில், இணைப்பு முடிந்து படம் தெரிந்தவுடன் அந்த அனுமதியைத் திரும்பப் பெறச் சொல்கிறேன். ஒருமுறை பெயரும் கடவுச்சொல்லும் கேமராவுக்குள் போய்விட்டால் அது நேராக ரவுட்டருடன் பேசும், கைபேசியின் இருப்பிடம் பிறகு வேண்டியதில்லை. ரவுட்டரை மாற்றினால் மட்டும் மறுபடி கொடுக்க நேரும். நீங்கள் சொன்ன சதுரக் குறியீட்டு வழி இருக்கும் கேமராக்களில், பெயரைக் கையால் எழுத விட்டால் அனுமதி இல்லாமலும் முடியும். எல்லாச் செயலிகளும் அப்படி விடுவதில்லை, சில அனுமதி இல்லாமல் அடுத்த பக்கத்துக்கே போகாது.

செல்லூர் தையற்கடை

துல்லியமானது கொடுத்தேன், இருப்பிடப் பொத்தானும் அணைந்துதான் இருந்தது, அதையும் இயக்கினேன். இப்போது பெயர் வருகிறது, முடிவில் `_5G` என்று இருக்கிறது. மறுபடியும் இணையவில்லை.

ஓய்வு பெற்ற பொறியாளர்

முதல் நாளே சொன்னேன். ரவுட்டரில் 5-ஐ அணைத்துவிடுங்கள்.

உசிலம்பட்டி ரேவதி

ஐயா சொன்ன காரணம் இப்போது சரியாகப் பொருந்துகிறது, ஆனால் ரவுட்டரைத் தொட வேண்டியதில்லை. அலைவரிசை இரண்டுக்கும் ஒரே பெயர் இருக்கும் வீட்டில், கைபேசி 5-இல் இருந்தாலும் கேமரா தனக்கு எட்டும் 2.4-ஐத் தானே பிடித்துக்கொள்ளும். உங்கள் வீட்டில் இரண்டுக்கும் தனித்தனிப் பெயர் வைத்திருக்கிறார்கள். கைபேசி எந்தப் பெயரில் இருக்கிறதோ அதைத்தான் செயலி கேமராவிடம் கொடுக்கும், கேமராவால் `_5G` என்ற அந்த வைஃபையைக் காணவே முடியாது.

கைபேசியின் வைஃபை பட்டியலில் அதே பெயர் `_5G` இல்லாமல் இன்னொன்று இருக்கும், முதலில் அதில் இணையுங்கள். பிறகு செயலிக்குப் போனால் கட்டத்தில் அந்தப் பெயர் வரும். மெதுவாகச் சிமிட்டும் விளக்கு, பல மாதிரிகளில் ஹாட்ஸ்பாட் முறையைக் குறிக்கும். செயலி உங்களைக் கேமராவின் ஹாட்ஸ்பாட்டுக்கு அனுப்பும்போது, இதில் இணையம் இல்லை என்று கைபேசி எச்சரிக்கும். இருந்தாலும் அதிலேயே தொடர்வதாகச் சொல்லுங்கள். மொபைல் டேட்டாவை அந்த இரண்டு நிமிடங்களுக்கு அணைத்து வைப்பது நல்லது, இல்லையென்றால் கைபேசி கேமராவை விட்டுவிட்டு டேட்டாவுக்குத் தாவிவிடும். மாடிக்குக் கேமராவைக் கொண்டுபோகும் முன், ரவுட்டர் இருக்கும் அறையிலேயே இணைத்துப் பாருங்கள். மாடியில் படம் நின்று நின்று வந்தால், அது அனுமதிக் கோளாறு அல்ல, சுவரைத் தாண்டும் தூரத்தின் கோளாறு.

வில்லாபுரம் கணேசன்

அம்மா, அந்தப் பட்டியலில் என் செயலியின் பெயரே இல்லை. அழித்து மறுபடி நிறுவினேன், அப்போதும் கேள்வி வரவில்லை. என்ன செய்வது?

செல்லூர் தையற்கடை

இணைந்துவிட்டது. குழந்தை புரண்டு படுப்பது கடையிலிருந்தே தெரிகிறது. எல்லாருக்கும் நன்றி.

உசிலம்பட்டி ரேவதி

மகிழ்ச்சி, அக்கா. இருப்பிட அனுமதியைத் திரும்பப் பெற்ற பிறகும் படம் வருகிறதா என்று நேரம் கிடைக்கும்போது எழுதுங்கள்.

கணேசன் ஐயா, ஐபோனை ஒருமுறை அணைத்து இயக்கி, செயலியைத் திறந்து, மணியைத் தேடும் பக்கம் வரை போய்விட்டு அந்தப் பட்டியலைப் பாருங்கள். செயலி வலையில் தேடத் தொடங்கிய பிறகுதான் அதன் பெயர் அங்கே சேரும். அப்போதும் வரவில்லை என்றால், ஐஓஎஸ் எந்தப் பதிப்பு என்று எழுதுங்கள்.

வில்லாபுரம் கணேசன்

அணைத்து இயக்கிப் பார்த்தேன், இன்னும் வரவில்லை. பதிப்பு எண்ணை என் மகன் கல்லூரியிலிருந்து வந்ததும் பார்த்துச் சொல்கிறேன்.