எட்டு மாதத் திட்டத்திற்கான முன்மொழிவு: எடுகோள்களையும் விலையையும் எப்படி இணைத்து எழுதுவது?

வணக்கம். மூன்று கிடங்குகள் கொண்ட ஒரு மொத்த வணிக நிறுவனத்திற்குச் சரக்கிருப்பு மென்பொருள் அமைத்துத் தருவதற்கான முன்மொழிவை எழுதிக்கொண்டிருக்கிறேன். தேவைகளை ஆராய ஆறு வாரம், உருவாக்க நான்கு மாதம், பழைய தரவை மாற்றிச் சோதிக்க இரண்டு மாதம், பயன்பாடு தொடங்கியபின் உடனிருக்க இரண்டு வாரம் எனக் கட்டங்களைப் பிரித்துள்ளேன்.

சிக்கல் பழைய தரவில்தான். ‘பிவிசி பைப் 1 இஞ்ச்’, ‘பைப் பிவிசி 1"’ என ஒரே பொருள் இரு பெயர்களில் பதிவாகியிருக்கிறது. இவற்றை வாடிக்கையாளரே சரிசெய்து தருவார் என்பது என் எடுகோள். ஆனால், அது தவறினால் என்ன ஆகும் என்பதைச் சொல்லாத எடுகோள் வெறும் அலங்காரமே. எனவே, “திருத்திய பட்டியல் ஐந்தாம் மாத முடிவுக்குள் வராவிட்டால், தாமதமாகும் ஒவ்வொரு நாளுக்கும் நிறைவுத் தேதி ஒரு நாள் தள்ளிப்போகும், அப்பணியை நாங்கள் செய்ய நேர்ந்தால் தனிக் கட்டணம்” என்று சேர்த்திருக்கிறேன்.

விலையை இரு வகையாகத் தர நினைக்கிறேன். ஒன்று, தரவு குறித்த இடரையும் சேர்த்து முழுத் திட்டத்திற்கும் ஒரே தொகை. மற்றொன்று, ஆய்வுக் கட்டத்திற்கு மட்டும் உறுதியான தொகையும், மற்றவற்றுக்கு ஆய்வின் முடிவில் உறுதிசெய்யப்படும் உத்தேச வரம்பும். இரண்டாவதே நேர்மையானது என்பது என் கருத்து. ஆனால் கணக்குப் பிரிவினர் வரம்பின் கீழ்த்தொகையை மட்டும் குறித்துக்கொள்வார்களோ என்று அஞ்சுகிறேன். இதைத் தவிர்க்க நீங்கள் எழுதும் வாசகத்தைப் பகிர இயலுமா?