தாழிக்குள் இருந்த பொருள்களை வைத்து அந்தச் சமூகத்தை எவ்வளவு தூரம் அறியலாம்?

குளக்கட்டு (வவுனியா): எங்கள் குளத்தின் கீழ்ப்புறம் கிணறு வெட்டியபோது, உள்ளே கறுப்பும் வெளியே சிவப்புமான ஓடுகளும், ஒரு பெரிய தாழியின் வாய்ப்பகுதியும், துருப்பிடித்த இரும்புத் துண்டொன்றும் வந்தன. இவற்றை வைத்து இங்கே வாழ்ந்தவர்கள் யார், அவர்களுக்குள் தலைவர் இருந்தாரா என்று சொல்ல முடியுமா?

பாலியாற்றான்: முடியும் ஐயா. வில்பத்துக் காட்டோரத்துப் பொம்பரிப்பிலும் இதே கறுப்புச் சிவப்பு மட்பாண்டம் தாழிகளோடு கிடைத்தது. கடலுக்கு அப்பால் ஆதிச்சநல்லூரிலும் அப்படியே. பாண்டமும் அடக்கமுறையும் ஒத்துப்போவதால், ஒரே மக்கள் இருகரையிலும் வாழ்ந்தார்கள் என்பதில் ஐயமில்லை. இரும்பு வைக்கப்பட்டிருந்தால் அது ஒரு தலைவனின் அடக்கமே.

பழைய சுவடு: முதற்பாதியில் நியாயம் இருக்கிறது, முடிவில் இல்லை. தம்புள்ளைக்கு அருகே இப்பன்கட்டுவவில் இறந்தோரைக் கற்பலகைகளால் அமைத்த பெட்டிகளில் அடக்கினார்கள். பொம்பரிப்பில் தாழியில் வைத்தார்கள். 1980 இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தார் அகழ்ந்த ஆனைக்கோட்டையிலோ உடலை நீட்டிக் கிடத்தியிருந்தார்கள். மூன்று இடத்திலும் இந்தப் பாண்டம் உண்டு. இறந்தவரை அனுப்பும் முறை இடத்துக்கு இடம் மாற, சோற்றுக் கலம் மட்டும் ஒன்றாக இருக்கிறதென்றால், கலத்தை ஒரு மக்களின் அடையாள அட்டையாகக் கொள்ள முடியாது. சூளை வைக்கும் பழக்கம் அயலாரிடமிருந்தும் பரவும்.

செல்வி, ஒட்டுசுட்டான்: சூளை என்றதும் எழுதுகிறேன். என் அம்மம்மா வீட்டார் மண்பாண்டம் வனைந்தவர்கள். சட்டியை உமிக்குள் கவிழ்த்து அடுக்கினால், காற்றுப் போகாத உட்புறமும் விளிம்பும் கறுக்கும். காற்றுப்படும் வெளிப்புறம் சிவக்கும். ஆகவே இரண்டு நிறம் என்பது இரண்டு மண் அன்று. குளக்கட்டு ஐயா, உங்கள் ஓட்டில் கறுப்பு வெளிப்புற விளிம்பில் ஒரு விரலளவு இறங்கி நிற்கிறதா என்று பாருங்கள்.

குளக்கட்டு: ஆம், இறங்கித்தான் நிற்கிறது.

பழைய சுவடு: மிக்க நன்றி, அக்கா. அந்த விளிம்புக் கோடு, கலம் எவ்வளவு ஆழம் புதைந்து நின்றதென்பதைக் காட்டும் நல்ல தடயம். சுட்டவரின் கைப்பழக்கத்தை அது சொல்லும்; அவர் பேசிய மொழியைச் சொல்லாது.

தலைவன் பற்றிய கேள்விதான் உண்மையில் கடினமானது. பொம்பரிப்புத் தாழிகள் பலவற்றில் முழு உடல் இல்லை. உடல் வேறிடத்தில் சிதைந்த பின் பொறுக்கிய எலும்புகளே இருந்தன, அதிலும் ஒரே தாழியில் ஒருவருக்கு மேற்பட்டோரின் எலும்புகள் சேர்ந்திருந்தன. அப்படியானால் உள்ளே கிடக்கும் மணியோ இரும்போ எவருக்குரியது? ஒரு சமூகத்தில் மேன்மை பிறப்பால் வந்ததா என்று அறிய, எதையும் சாதிக்கும் வயதை எட்டாத குழந்தையோடு அரிய பொருள் இருக்கிறதா என்று பார்ப்பது வழக்கம். குழந்தையின் எலும்பும் பெரியவரின் எலும்பும் ஒரே தாழிக்குள் கலந்துவிட்டால் அந்தச் சோதனை செல்லாது. போதாதற்கு, புளிப்பு மண்ணில் குழந்தை எலும்பு முதலில் கரைந்துவிடும், பற்களே மிஞ்சும்.

பாலியாற்றான்: எலும்பு கலந்தாலும், அத்தனை உழைப்போடு தாழி வனைந்து புதைத்தது ஒரு குடும்பமோ குலமோதானே? ஒரே குடியின் கூட்டு அடக்கம் என்று கொண்டால், செல்வம் குடிக்குரியதென்று சொல்லலாமே.

பழைய சுவடு: அது நல்ல கருதுகோள், தம்பி, என் மறுப்பும் அதைத் தொடவில்லை. ஆனால் உறவை நிறுவப் பற்களின் மரபு ஒற்றுமையோ மரபணுவோ தேவை. பொருளை வைத்தவர்கள் உயிரோடிருந்தவர்கள் என்பதையும் மறக்கக் கூடாது. அது இறந்தவரின் உடைமையா, அழுதவர்களின் காணிக்கையா என்று பொருள் தானாகச் சொல்வதில்லை. இப்பன்கட்டுவவின் சூதுபவள மணிகள் தொலைவிலிருந்து வந்த கல்லாலானவை. பண்டமாற்று நடந்ததென்பது அதனால் உறுதி, அணிந்தவர் அங்கிருந்து வந்தவர் என்பது உறுதியன்று.

பாலியாற்றான்: குடியேற்றம் இல்லாமல் தாழி அடக்கம் இருகரையிலும் இவ்வளவு ஒத்திருக்குமா? இதை நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

பழைய சுவடு: விட்டுக்கொடுக்க வேண்டாம். மக்கள் வந்திருக்கலாம், மணஉறவும் இருந்திருக்கலாம். பாண்டம் மட்டும் அதைத் தீர்க்காது என்பதே என் வாதம். குளக்கட்டு ஐயா, தாழியைத் தோண்டி எடுக்காமல் மூடி, தொல்லியல் திணைக்களத்துக்கு அறிவியுங்கள்.

குளக்கட்டு: வேலையாட்கள் சிறு கலங்கள் இரண்டை ஏற்கெனவே எடுத்துக் கழுவிவிட்டார்கள்.

பழைய சுவடு: கழுவியவற்றில் உணவெச்சம் தேடுவது இனிக் கடினம். அவை தாழிக்கு உள்ளே இருந்தனவா வெளியே சாய்ந்திருந்தனவா, வாய் எந்தப் பக்கம் பார்த்தது என்று எடுத்தவர்களிடம் இன்றே கேட்டு எழுதி வையுங்கள். இரும்புத் துண்டையாவது ஒட்டிய மண்ணோடு, நீர் படாமல் வையுங்கள்.