புதுப்பிப்பு: அரைவட்ட வெட்டுக் கணக்கு, 18π தான்

என் பழைய கேள்வி: “அடி x² + y² = 9 வட்டம். x அச்சுக்குச் செங்குத்தான ஒவ்வொரு வெட்டும் அரைவட்டம், விட்டம் அடியில் கிடக்கிறது. கையேட்டில் கன அளவு 72π என்று இருக்கிறதே, எப்படி?”

நாண் 2√(9−x²). அது விட்டம் என்பதால் ஆரம் √(9−x²), துண்டின் பரப்பு π(9−x²)/2. −3 முதல் 3 வரை தொகையிட்டால் (π/2)×36 = 18π.

கல்லூரி ஆசிரியர் ஒருவர் சொன்ன சோதனை மிகவும் பிடித்தது: இந்த வடிவம் 3 ஆரமுள்ள அரைக்கோளமேதான், (2/3)π×27 என்றாலும் 18π. நாணையே ஆரமாக வைத்தால் நான்கு மடங்காகி 72π வரும். ஆரத்தைச் சரியாகப் பிடித்த நண்பர் முழுவட்டப் பரப்பைப் போட்டு 36π என்றார், அது முழுக்கோளம். வேறொருவர் இதே அடியில் வெட்டுகள் சமபக்க முக்கோணங்களாக இருந்தால் என்ன என்று கேட்டார். அதற்கு 36√3.

கையேட்டு வினாவில் ‘விட்டம்’ என்ற இடத்தில் ‘ஆரம்’ இருந்திருக்க வேண்டுமா என்பதில் பதில் சொன்னவர்களுக்குள் இன்னும் ஒத்துவரவில்லை.