முதல் கேள்வியிலேயே "ஈ!" என்று கத்திவிட்டார்கள்: ஆண்டு விழா நாடகம் எழுதியவர்களின் அனுபவங்கள்

மூன்றாம் வகுப்பு டீச்சர்:

பெயர் மறந்த ஈ கதையை ஆண்டு விழாவுக்கு நாடகமாக எழுதினேன். கதை எல்லோருக்கும் தெரியும், அதனால் நேராக விஷயத்துக்கு வருகிறேன். கன்றில் தொடங்கிக் குதிரை வரை ஈ 14 பேரைக் கேட்கிறது இல்லையா, ஆளுக்கு நாலு பிள்ளைகள் என்று 56 பேர், ஈயோடு சேர்த்து 57. வகுப்பில் ஒரு பிள்ளைகூட விட்டுப்போகக் கூடாது என்பதற்காகவே இந்தக் கதையை எடுத்தேன்.

திரை விலகியது. ஈயாக நடித்த பெண் கன்றுகளிடம் ஓடிப்போய், சொல்லிக்கொடுத்தபடி சபையைப் பார்த்து நின்று, "கொழுகொழு கன்றே, என் பேர் என்ன?" என்றாள். கன்றுகள் வாயைத் திறப்பதற்குள், முன்னால் தரையில் உட்கார்ந்திருந்த சின்ன வகுப்புப் பிள்ளைகள் மொத்தமாக "ஈ!" என்று கத்தினார்கள். அவள் முகம் அப்படியே மலர்ந்துவிட்டது. "ஓ, நான் ஈயா!" என்றாள். கடைசியில் பறந்து போகச் சொல்லியிருந்தேனே, அதே மாதிரி இரண்டு கையையும் விரித்துக்கொண்டு பக்கத்திரைக்குள் பறந்து வந்துவிட்டாள். அரங்கமே கைதட்டியது.

மேடையில் நாலு கன்றுகள் நிற்கின்றன. திரைக்குப் பின்னால் 52 பிள்ளைகள் வேஷத்தோடு காத்திருக்கிறார்கள். நான் அவள் தோளைப் பிடித்துத் திருப்பி, "போ, மறுபடி கேள்" என்றேன். அவள் என்னைப் பார்த்து, "டீச்சர், அதான் சொல்லிட்டாங்களே" என்றாள்.

திரும்பிப் போனாள், கடைசி வரைக்கும் நடித்தாள். ஆனால் குரலே வெளியே வரவில்லை, ஏதோ தப்புச் செய்துவிட்டது போல. இரண்டு வருடம் ஆகிறது. கேள்வி கேட்டாள், பதில் கிடைத்தது, சொல்லிக்கொடுத்த மாதிரி பறந்தாள். எழுதியது நான்தானே. அந்த இடத்தை எப்படி எழுதியிருக்க வேண்டும்?

நாடகம் எழுதித் தரும் ஒருவர்:

டீச்சர், சபையைப் பார்த்து ஒரு பிள்ளை கேள்வி கேட்டால் அது சபையைக் கேட்கிற கேள்விதான். பதில் தெரிந்த பிள்ளை சும்மா இருக்காது. வீட்டில் இந்தக் கதையைச் சொல்லும்போதும் நடுவில் "ஈ, ஈ" என்று பிள்ளைகள் கத்துவார்கள். பாட்டி "உஷ், அதுக்குத் தெரியாதுல்ல" என்று சொல்லிவிட்டு மேலே போவார். அந்த "உஷ்" உங்கள் பிரதியில் இல்லை.

இதே கதையில் எனக்கும் இப்படி ஆனது. முதலில், "யாராவது கத்தினால் ஈ இப்படிச் சொல்லட்டும்" என்று எழுதிப் பார்த்தேன். எட்டு வயதுப் பிள்ளைக்கு அந்த 'கத்தினால்' பிடிபடவில்லை. யாருமே கத்தாத ஒத்திகையில் பதிலைச் சொல்லிவிட்டது, கத்தியபோது மறந்துவிட்டது. அடுத்த முறை 'கத்தினால்' என்பதையே எடுத்துவிட்டேன். மேடை ஓரத்தில் நாலு பிள்ளைகளை உட்கார வைத்து, ஒவ்வொரு தடவையும் அவர்களே "ஈ!" என்று கத்தும்படி எழுதினேன். உடனே ஈ இறக்கையை அடித்துக்கொண்டு, "ங்ங்ங்... என் இறக்கைச் சத்தத்துல ஒண்ணுமே கேக்கலையே" என்று அடுத்த ஆளிடம் போகும். சபை சேர்ந்து கத்தினாலும் சரி, கத்தாவிட்டாலும் சரி, ஈயின் வசனம் மாறாது. மூன்றாவது கேள்விக்குள் சபை முழுவதும் அந்த நாலு பேரோடு சேர்ந்துகொண்டது. கடைசியில் குதிரை "ஈஈஈ" என்று கனைக்கும்போது மட்டும் ஈ இறக்கையை மடக்கிவிடும். முதல் முறையாகச் சத்தம் இல்லை, அதனால் காதில் விழுகிறது.

இன்னொன்று, நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். "கொழுகொழு கன்றே, கன்றின் தாயே" என்று நீண்டுகொண்டே போகும் அந்த அடுக்கு முழுவதையும் ஈ ஒருத்தியே சொன்னாளா? முதல் சுற்றில் ஒரு தொடர், இரண்டாவதில் இரண்டு, இப்படியே பதினான்காவதில் 14. கூட்டினால் 105 தொடர். ஒன்றுக்கு 2 வினாடி என்றாலும் மூன்றரை நிமிடம். ஒவ்வொரு கூட்டமும் உள்ளே வந்து நிற்க 15 வினாடி என்று வையுங்கள், அது இன்னொரு மூன்றரை நிமிடம். 10 நிமிட நாடகத்தில் 7 இப்படியே போய்விடும். அதை ஒரு குழந்தையின் நினைவில் ஏற்றக் கூடாது. மேடைக்கு வந்துவிட்டவர்கள் எல்லோரும் சேர்ந்து, யாரைச் சொல்கிறோமோ அவர்களைக் கைகாட்டிச் சொல்லட்டும். சுற்றுக்குச் சுற்று குரல் கூடிக்கொண்டே போகும். ஒரு பிள்ளை மறந்தாலும் மற்றவர்கள் இழுத்துக்கொண்டு போவார்கள். மேலே தொங்கும் மைக்குகளுக்கும் சேர்ந்து சொல்வதுதான் எட்டும், தனிக் குரல் எட்டாது.

எட்டாவது சுற்றுக்கு மேல் பிள்ளைகள் ஓட ஆரம்பிப்பார்கள். "குளத்திலுள்ள மீனே மீன்பிடிக்கும் வலையா" ஒரே சொல்லாக வந்து விழும். சொல்வது புரியாமல் போவது இங்கேதான். கதையிலேயே இடையன் கையில் கோல் இருக்கிறது, அதைத் தொடருக்கு ஒருமுறை தரையில் தட்டச் சொல்லுங்கள். தட்டும் வரை அடுத்தது வரக் கூடாது. அந்தக் கோலை நிதானமான பிள்ளையிடம் கொடுங்கள். அடங்காத பிள்ளைகளை முன்கூட்டியே மேடைக்கு வரும் கன்று, தாய்ப் பசு வேஷங்களில் போடுங்கள். திரைக்குப் பின்னால் அவர்களைக் காக்க வைப்பதுதான் ஆபத்து.

பத்து வருட ஆண்டு விழா அனுபவம்:

இவ்வளவு யோசிக்கவே வேண்டாம். ஒலிப்பதிவு போடுங்கள். வகுப்பறையில் கதவைச் சாத்தி எல்லா வசனத்தையும் பிள்ளைகள் குரலிலேயே பதிந்துவிட்டால், மேடையில் வாயசைத்து நடித்தால் போதும். சபை என்ன கத்தினாலும் பதிவு நிற்காது, ஈ பறந்து ஓட முடியாது. மறந்துபோகும் பயமும் இல்லை. நாங்கள் அப்படித்தான் செய்கிறோம், கடைசி வரிசை வரை ஒவ்வொரு சொல்லும் தெளிவாகக் கேட்கிறது.

ஒரு அம்மா:

நான் டீச்சர் இல்லை. என் பையன் வேறொரு பள்ளியில் இதே கதையில் 'மண்'. பழுப்புத் துணியைப் போர்த்திக்கொண்டு நாலு பேர் குனிந்து உட்கார வேண்டும். வசனம், "எனக்குத் தெரியாது, புல்லைக் கேள்." அவ்வளவுதான். குதிரையைத் தவிர மற்ற 13 கூட்டமும் அதே வசனம்தான், கடைசிப் பெயர் மட்டும் மாறும்.

ஒரு நாள் ராத்திரி தூங்கப் போகும் முன் கேட்டான், "அம்மா, மண்ணுக்கு ஏன் தெரியாது?" எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. அவனே சொன்னான், "எல்லாரும் மேல நடந்துட்டே இருக்காங்க, அதுக்குக் கால் மட்டும்தான் தெரியும், பேர் தெரியாது." அதை எழுதி டீச்சரிடம் கொடுத்தனுப்பினேன். நேரம் இல்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். விழாவில் பழைய வசனத்தைத்தான் சொன்னான். துணிக்குள்ளிருந்து சொன்னதால் அதுவும் கேட்கவில்லை.

மேலே சார் சொன்ன கணக்கு சரியாகத்தான் இருக்கும். ஆனால் எல்லோரும் சேர்ந்து சொன்னால் என் பையனுக்கென்று என்ன இருக்கும்?

நாடகம் எழுதித் தரும் ஒருவர்:

அம்மா, உங்கள் பையன் சொன்ன வசனம் என் பிரதியில் இருந்திருந்தால் அதை வைத்தே நாடகத்தைத் திருத்தியிருப்பேன். குதிரை போக 13 பேருக்கும் ஆளுக்கொரு காரணம் வைக்க நேரம் இருக்காது என்பது உண்மைதான். எனக்கு நாலு இடத்தில் முடிந்தது. கொக்கு ஒற்றைக் காலில் நின்று, "பேசினா மீன் ஓடிடும்" என்று கிசுகிசுக்கும். குயவன், "சக்கரம் சுத்துது, அப்புறம் வா" என்பான். மற்றவர்களுக்கு வசனத்துக்குப் பதில் ஓர் அசைவைக் கொடுத்தேன். மீதி ஒன்பது கூட்டத்துக்கு அது போதுமா என்று கேட்டால், தெரியவில்லை.

ஒலிப்பதிவு சொன்னவருக்கு: சத்தம் தெளிவாகக் கேட்கும் என்பதில் எனக்கும் சந்தேகம் இல்லை. ஆனால் டீச்சரின் மேடையில் பதிவு ஓடியிருந்தால், ஈ உள்ளே பறந்து போன பிறகும் அவள் குரல் மட்டும் மேடையில் கேள்வி கேட்டுக்கொண்டிருந்திருக்கும்.

பத்து வருட ஆண்டு விழா அனுபவம்:

பதிவு இருந்தால் அவள் போயிருக்கவே மாட்டாள், பயிற்சி அப்படி. எத்தனை விழா பார்த்திருக்கிறேன். நீங்கள் சொல்கிற நாலு பிள்ளைகள் கத்துவது, கோல் தட்டுவது எல்லாம் ஒத்திகைக்கு இரண்டு மாதம் கிடைக்கிறவர்களுக்குச் சரி. எங்களுக்குக் கிடைப்பது கடைசிப் பீரியட்கள்தான்.

ஓய்வுபெற்ற தமிழாசிரியை:

நாங்கள் பதிவு போட்ட வருடம், தாய்ப் பசுவின் கொம்பு கழன்று விழுந்தது. அதை எடுக்க அந்தப் பெண் குனிந்தாள். அவள் நிமிரும்போது அவளுடைய வசனம் ஓடி முடிந்திருந்தது. இரண்டு கையிலும் கொம்பை வைத்துக்கொண்டு, தன் குரல் எங்கிருந்து வருகிறது என்று மேலே பார்த்தாள். அந்தப் பார்வைக்குப் பிறகு நான் பதிவு போடவே இல்லை.

யாரும் சொல்லாத ஒன்று, சொற்கள். இந்த அடுக்கு வீட்டுக்கு வீடு மாறும். ஒருவர் "தாயை மேய்க்கும் இடையா" என்பார், இன்னொருவர் "தாயை மேய்க்கும் ஆயா" என்பார். ஆயன் என்ற சொல் இன்றைய பிள்ளைகளுக்குத் தெரியாது. நான் 'ஆயா' என்று எழுதிக் கொடுத்தேன். வேஷம் போட்டு வரச் சொன்ன அன்று ஆயன்கள் நாலு பேரும் புடவை கட்டி, நரைத்த கொண்டையோடு வந்து நின்றார்கள். வீட்டில் அவ்வளவு அக்கறையாகக் கட்டி அனுப்பியிருந்தார்கள். நான் ஒன்றும் சொல்லவில்லை, கோலை அந்தப் பாட்டிகள் கையிலேயே கொடுத்துவிட்டேன். "ஆயா கையில் கோலே" என்று ஒரு சொல்லை மட்டும் மாற்றினேன். பழைய பாட்டை மாற்றலாமா என்று சக ஆசிரியர் ஒருவர் கோபித்துக்கொண்டார். எனக்கு அது தப்பாகத் தெரியவில்லை, வாய்மொழிக் கதை அப்படித்தானே இத்தனை நாள் வந்திருக்கிறது.

ஆனால் மாற்றினால் முதல் வாரத்திலேயே மாற்றிவிட வேண்டும். பாதிப் பிள்ளைகள் வீட்டில் கேட்ட சொல்லையும் பாதிப் பேர் நீங்கள் கொடுத்த சொல்லையும் சொன்னால் அந்த ஒரு தொடரில் மட்டும் கூட்டம் குழறும். எங்கே குழறுகிறது என்று கண்ணை மூடிக்கொண்டு கேளுங்கள், அங்கே இரண்டு விதமான சொல் இருக்கிறது என்று அர்த்தம்.

மூன்றாம் வகுப்பு டீச்சர்:

இந்த வருடமும் அதே கதையை எழுதிக்கொண்டிருக்கிறேன். மேடை ஓரத்தில் கத்துவதற்கு நாலு பேர் வைத்துவிட்டேன். அவர்களுக்கு 14 தடவை வாய்ப்பு, குதிரைக்கு ஒரே ஒரு தடவை. அதை எப்படிச் சரிசெய்வது என்று இன்னும் பிடிபடவில்லை. மண்ணுக்கு அந்தப் பையன் சொன்னதை வைத்துக்கொள்ளலாமா அம்மா? துணியைத் தோள் வரைக்கும்தான் போர்த்துவேன், முகம் வெளியே இருக்கும்.

அந்தப் பெண் இப்போது ஐந்தாம் வகுப்பு. நேற்று அவளைக் கூப்பிட்டு, ஈ மறுபடியும் நடிக்கிறாயா என்று கேட்டேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "இந்தத் தடவை கத்துற நாலு பேர்ல ஒருத்தியா இருக்கட்டுமா டீச்சர்?" என்றாள். சரி என்று சொல்லிவிட்டேன்.